மாவில் வந்த எண்ணெய் வாசம்

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த முதல் மார்கழியில் என் மாவு பொங்கவே இல்லை. எனக்குப் பிறந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அங்கே பொழுது சாயும்போது ஆட்டி வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து தரையெல்லாம் ஆகியிருக்கும். இங்கே மூடியைத் திறந்தால், வைத்தது வைத்தபடி கிடந்தது. தொட்டால் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. அதை ஊற்றி அவித்த இட்லியை அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் இந்த ஊரில் மின்விசிறியே தேவைப்படாது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கன்னடம், இந்தப் பக்கம் தெலுங்கு, நடுவில் எங்கள் தெற்கத்தித் தமிழ். அவர் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டினார். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கிற இடம்.

எனக்குச் சீராக ஒரு கிரைண்டர் கொடுத்திருந்தார்கள். பெரிய கல் வைத்தது, ஓடினால் லைன் முழுக்கச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவை வரவழைத்தது. மகனும் மருமகளும் ஆளுக்கொரு ஷிப்டு. அந்தம்மாவுக்கு முழங்கால் வலி, ஆட்டுக்கல் முன்னால் உட்கார முடியாது.

"நிம்ம மெஷின்ல நமக்கும் கொஞ்சம் ஆட்டிக் கொடம்மா" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டார். நான் ஆட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் மருமகளோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் சாயங்காலம் ஐந்து மணியானால் வாசலில் "ஹிட்டு இத்யா?" என்று ஒரு குரல், "மாவு இருக்குதுங்களா?" என்று ஒரு குரல் என்று ஆகிவிட்டது. பாத்திரம் கொண்டுவந்து வாங்கியவர்கள், வேலை முடிந்து நேராக வரும்போது பாத்திரத்துக்கு எங்கே போவது என்றார்கள். அப்படித்தான் பாலித்தீன் கவரில் போட ஆரம்பித்தேன்.

கவரை ஒட்டுகிற வித்தை அவர் சொல்லிக்கொடுத்தது. இரும்பு அறுக்கிற பிளேடு ஒன்றைப் புதிதாக வாங்கிவந்தார். கவரின் வாயை அந்தப் பிளேடின் மேல் மடித்து, விளிம்பை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் உருகி ஓட்டையாகிவிடும். கவரை முட்ட முட்ட நிரப்பக்கூடாது என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். மாவு உள்ளே மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இடம் விடாமல் ஒட்டிக் கொடுத்த ஒரு பாக்கெட், ஒரு பெண்ணின் கைப்பைக்குள்ளேயே வெடித்து, அவள் சம்பளக் கவரையெல்லாம் நனைத்துவிட்டது. பாவம், சிரித்துக்கொண்டே வந்து காட்டினாள்.

தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரில் சின்னதாக ஒரு டிபன் கடை இருந்தது. பர்கூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அண்ணன் கல்லாவிலும் டீ பட்டறையிலும் இருப்பார், அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், அடுப்படியில். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும், மூன்றாம் ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு மாவு ஆட்டிக்கொடுத்த ஆள் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. யாரோ சொல்லி, அக்கா என்னைத் தேடி வந்தார். வந்தவர் மாவைப் பார்க்கவில்லை. நேராகப் போய் கிரைண்டர் கல்லைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு கல் சுற்றுகிற தண்டின் இடுக்கில் விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"பழைய மாவு ஒட்டிக்கிட்டு இல்ல. நல்லாதான் கழுவுற கண்ணு" என்றார். "எங்கிட்ட சாப்புடுறவன் எட்டு மணி நேரம் மிசினு முன்னால நிக்கிறவன். வயிறு கெட்டுப்போச்சுன்னா அவனுக்கு அன்னிக்குச் சம்பளம் போச்சு. அது நம்மளாலன்னு இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான் நான் கேக்குறது."

அந்த ஒரு பேச்சுதான் எனக்குச் சட்டமாகிப் போனது. காலையில் அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறும், உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம். மத்தியானம் முதலில் உளுந்து. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பஞ்சு மாதிரி வருகிறவரை ஆட்டுவேன். அதை வழித்துவிட்டு அரிசி, விரலில் உருட்டினால் மெல்லிய ரவை தட்டுகிற பதத்தில். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டையும் கையால் கலப்பேன். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தலையில் துணி. இருமல் சளி இருந்தால் அன்றைக்கு மாவு கிடையாது. முடிந்ததும் கல்லைத் தனியாக எடுத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது அவருக்கு மட்டும். வேலை முடிந்து வந்தவர் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது.

லேத் ஓட்டுகிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். ரேகைக்குள்ளும் நகக்கண்ணுக்குள்ளும் ஒரு கறுப்பு குடியிருக்கும். இரும்பைக் கடையும்போது ஊற்றுகிற எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்தது. மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தாலும் மேலே இருப்பதுதான் போகும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படி நிலைக்கு வெளியில் நின்று, "அம்மா தாயே, ஒரு வாய் காப்பி" என்று கேட்பார். நான் டம்ளரைத் தரையில் வைத்து நகர்த்துவேன். இது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அவர் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் ஏதோ தகராறு. காலையில் வேலைக்குப் போனவர்கள், கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு பொங்கலுக்குள் என்றார்கள்.

அவர் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற ஆள் இல்லை. வீட்டில் சும்மா இருக்கவும் தெரியாது. சாப்பாட்டுப் பையைத் துவைத்துக் காயவைத்தார். இரண்டு நாள் கழித்து, அழுக்கே ஆகாத அதை மறுபடியும் துவைத்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அதற்கு மறுநாள், "டிபன் கடைக்கு மாவ நான் சைக்கிள்ல வச்சுக் குடுத்துட்டு வாரேன்" என்றார். அதிலிருந்து விடியற்காலையில் தூக்குப் பாத்திரங்களைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவர்தான் போனார். மூடிய பாத்திரத்தின் கைப்பிடியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

கார்த்திகை முடியும்போதே குளிர் இறங்கிவிட்டது. காலையில் எதிர் வீடு தெரியாத பனி. நான் முந்தின வருஷமே சில பாடம் படித்திருந்தேன். உப்பை முதலில் போடாமல் பொங்கிய பிறகு போட்டேன், தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றினேன், பாத்திரத்தைப் போர்வையில் சுற்றினேன். வீட்டு அளவு மாவுக்கு அதெல்லாம் போதும். கடைக்குப் போகிற பெரிய பாத்திரத்துக்குப் போதவில்லை. ஒருநாள் அவர் வெறும் பாத்திரத்தோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தார்.

"இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு ரெண்டு பேரு தட்ட வச்சுட்டுப் போயிட்டாங்களாம். அக்கா கோவிக்கல. ஆனா சொல்லச் சொன்னாங்க."

அன்று அவர் கொஞ்ச நேரம் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், மத்தியானம் ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்தார். மிஷின் பாகங்கள் வந்திறங்குகிற பெட்டி, பழைய சாமான் கடையில் வாங்கியது. உள்ளே சுற்றிலும் தெர்மோகோல் ஒட்டினார். அடியில் ஒரு நாற்பது வாட் பல்பு. அதற்கு மேலே பலகைச் சட்டம் அடித்து, அதன்மேல் பாத்திரம் உட்காருகிற மாதிரி செய்தார். கம்பெனி பூட்டியதிலிருந்து அவர் வாயிலிருந்து விசில் சத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தோம். மாவு குமிழியிட்டுப் பாத்திரத்தின் கழுத்துவரை ஏறி நின்றது. என் ஊர் மாவு மாதிரியே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வெப்பம் ஒரே சீரா இருக்கணும், அவ்வளவுதான்" என்று பெரிய என்ஜினீயர் மாதிரி சொன்னார். ஆனால் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பனிக்குள்ளே மணியடித்துக்கொண்டே போனார்.

அவர் திரும்பி வந்து வெகுநேரம் ஆகவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிபன் கடை அக்கா, கடை நேரத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் எங்கள் பாத்திரம்.

"கண்ணு, தப்பா நெனைக்காத. மாவு நல்லா பொங்கியிருக்குது. ஆனா ஒரு வாசம் வருது. மிசினு எண்ண வாசம். மொத ஈடு எடுத்ததும் நான்தான் ஒண்ணு பிட்டு வாயில வச்சேன். அதோட நிறுத்திட்டேன். யாருக்கும் போடல."

நான் மாவை மோந்து பார்த்தேன். புளிப்பு வாசனையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வந்து குனிந்து மோந்தார். அவருக்கும் தெரியவில்லை. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவைக் கூப்பிட்டேன். பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே மூக்கைச் சுளித்தார். "எண்ணெ!" என்றார். "பேக்டரி எண்ணெ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வாசனை எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. கொடியில் தொங்கும் சட்டையில், தலையணையில், அவர் தலைமுடியில். அதைத் துவைத்துத் துவைத்து, அதன் பக்கத்திலேயே படுத்து, என் மூக்குக்கு அது வாசனை என்றே தெரியாமல் போய்விட்டது. எனக்கு அது வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

கன்னடக்காரம்மா ஒவ்வொரு சாமானாக மோந்துகொண்டே போனார். கிரைண்டர், துணி, கரண்டி, எதிலும் இல்லை. மரப்பெட்டிக்குள் தலையை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். துருப் பிடிக்காமலிருக்க மிஷின் பாகங்களில் பூசி அனுப்பிய எண்ணெய், பலகைக்குள் ஊறிக் கிடந்திருக்கிறது. இரவெல்லாம் எரிந்த பல்பின் சூட்டில் அது வெளியே வந்து மாவில் ஏறிவிட்டது.

அக்கா போனதும் நான், கடைக்குப் போக மீந்த மாவை அன்று காலையில் பாக்கெட்டாக வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் போனேன். ஊற்றாமல் இருந்தவர்களிடமிருந்து திருப்பி வாங்கினேன். தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு பெண், "அதான் எம் புருஷன் இன்னிக்கு என்ன தோசையில கம்பெனி வாசம் அடிக்குதுன்னாரா!" என்று சிரித்தாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லா மாவையும் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினேன். உளுந்தும் அரிசியுமாக வெள்ளையாக மண்ணுக்குள் இறங்கியது.

திரும்பி வந்தபோது அவர் பெட்டியைத் துண்டு துண்டாக உடைத்து அடுக்கியிருந்தார்.

"எங் கையி படுற எதுலயும் அது வந்துரும் போல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"பெட்டில இருந்ததுக்கு நீங்க என்ன செய்வீக?"

"மோந்துகூடக் கண்டுபிடிக்க முடியலயே."

"எனக்குந்தான் தெரியல."

அவர் அன்றிலிருந்து மாவு வேலை நடக்கிற நேரத்தில் வெளியில் போய்விடுவார்.

மறுநாள் நான் என் கல்யாணத் தகரப்பெட்டியைக் காலி செய்தேன். சேலைகளை எடுத்து மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். புதுத் தெர்மோகோல் வாங்கிவந்து வெட்டி வைத்தேன். பல்பு மாட்டுவது மட்டும் எனக்கு வராது. ஒயரையும் பல்பையும் பெட்டியின் பக்கத்தில் போட்டுவிட்டு நான் தண்ணீருக்குப் போனேன். வந்து பார்த்தபோது பல்பு மாட்டியிருந்தது. ஆள் இல்லை. தையல் போட்ட மாதிரி நேர்த்தியாக ஒயரை ஓரத்தில் ஒட்டவைத்திருந்தார்.

அன்றைக்கு நான் கன்னடக்காரம்மாவை அழைத்துப் பெட்டியை மோக்க வைத்த பிறகுதான் மாவை உள்ளே வைத்தேன். மாவு பொங்கியது. அக்காவும் ஒன்றும் குறை சொல்லி அனுப்பவில்லை.

தை பிறந்து சில நாளிருக்கும். தேங்காய் உடைக்கும்போது அரிவாள் வழுக்கி என் வலது கைப் பெருவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. இரண்டு நாளில் வீங்கிச் சீழ் பிடித்தது. டாக்டர் கட்டுப் போட்டு, நனைக்கக் கூடாது என்றார். கட்டு இல்லாவிட்டாலும் புண்ணுள்ள கையை நான் மாவில் வைக்கமாட்டேன். ஆட்டுவதற்குக் கை வேண்டாம், கிரைண்டர் இருக்கிறது. கரண்டியால் வழித்துவிடலாம். கலக்கத்தான் கை வேண்டும். அத்தனை மாவை அடிவரை புரட்டி ஒன்றாக்குவதற்குக் கரண்டி போதாது. கையால் கலந்த மாவு பொங்குகிற மாதிரி மற்றது பொங்குவதும் இல்லை.

"நீங்கதான் கலக்கணும்" என்றேன்.

"நானா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்பு விளையாட்டுக்குக் கட்டிய அதே கை. இப்போது அவர் சிரிக்கவில்லை. "வேண்டாம். பத்து நாளைக்கு மாவ நிறுத்திரு. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"கையக் காட்டுங்க."

காட்டவில்லை. நானே போய்ப் பிடித்து முன்னால் இழுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்தேன். எனக்கு ஒரு நிமிஷம் வேறு யாருடைய கையையோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. ரேகைகள் வெளுத்திருந்தன. நகக்கண்ணில் கறுப்பு இல்லை. உள்ளங்கையின் காய்ப்புக்கூட உரிந்து, அடியில் புதுத்தோல் தெரிந்தது. மூன்று மாதம் இரும்பைத் தொடாத கை.

"சுத்தமா இருக்கு" என்றேன், சந்தோஷமாகத்தான்.

அவர் தன் கையைப் பார்த்தார். அதுவரை பார்த்திருக்கவில்லை போல. விரல்களை மடக்கி விரித்தார்.

"எல்லாம் போயிருச்சு" என்றார். "பதினெட்டு வயசுல ஏறுனது. எங்க போச்சுன்னே தெரியல."

மாவுக்கு நல்லது என்று நான் பார்த்தது, அவருக்கு அவர் தொழிலே கழுவிக்கொண்டு போனதாகத் தெரிந்தது. அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவரே எழுந்து குழாயடிக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டு ஒருமுறை கழுவி, போதாதென்று மறுபடி கழுவினார். நகத்தைப் பிரஷ்ஷால் தேய்த்தார். அதுவும் திருப்தியாகவில்லை. ஈரக்கையோடு நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "அம்மா, கொஞ்சம் மோந்து பாருங்க" என்று நீட்டினார்.

அந்தம்மா தன் பிள்ளையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் மோந்தார். "சோப்பு வாசனெ. அஷ்டே" என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். பிறகு அவர் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அனுப்பினார்.

முதலில் அவர் மாவைக் கலந்தது, ஏதோ சூடான பொருளைத் தொடுவது போல இருந்தது. விரல் நுனியால் கிண்டினார்.

"அடியில கை போகணும். உளுந்து மேல மிதக்கும், அரிசி கீழ உக்காந்துரும். கீழ இருக்குறத மேல கொண்டு வாங்க."

முழங்கை வரை உள்ளே விட்டார். புரட்டப் புரட்ட அவர் தோள் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன். எந்த வேலையாக இருந்தாலும் அதன் ஓட்டம் பிடிபட்டதும் அவர் முகம் மாறிவிடும். இங்கேயும் மாறியது.

"லேசா இருக்கு" என்றார் ஆச்சரியமாக. "காத்த கிண்டுற மாதிரி."

என் புண் ஆறுகிற வரைக்கும் அவர்தான் கலந்தார். புண் ஆறிய பிறகும் அவரே கலக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கலந்த மாவில் இட்லி இன்னும் பூவாக வருகிறது என்று கன்னடக்காரம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பங்குனியில் கம்பெனியைத் திறந்தார்கள். பாதி ஆட்களைத்தான் எடுத்தார்கள், அவர் அதில் ஒருவர். முதல் நாள் சாயங்காலம் வந்ததும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றார். மறுபடியும் கறுப்பு ஏற ஆரம்பித்திருந்தது. நான் டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். மாவு வேலைக்கு அடுத்த லைனிலிருந்து ஒரு பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். பிறகு உத்தனப்பள்ளி ரோட்டில் இரண்டு கடைகளும், பேரிகையிலிருந்து பஸ்ஸில் வந்து வாங்கிப்போகிற ஒரு மெஸ்காரரும் சேர்ந்தார்கள்.

முதல் ஷிப்டு நாட்களில் அவர் அக்கா கடையில்தான் சாப்பிடுவார். அது யார் வீட்டு மாவு என்று தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் அவர் சொன்னதில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது ஆள், "என்னாண்ணே, இங்க இட்லி இம்மாம் மெத்துன்னு இருக்குது?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டேன்.

"பரவால்லன்னு சொன்னேன்" என்றார். "அக்கா அடுப்படிலருந்து கரண்டியோட வெளிய வந்துட்டாங்க. 'பரவால்லயா? இரு, வூட்டுல சொல்றேன்'னு சத்தம் போட்டாங்க. கடையே திரும்பிப் பார்த்துச்சு."

சொல்லும்போது அவருக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது.